நீலாங்கரை, பின்னிரவு: ஒரு ஆமைக்குஞ்சின் டைரி

முட்டையை உடைத்துப் பல மணி நேரமாகிவிட்டது, இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறேன். தலைக்கு மேலே மணல் சுடும்வரை பகல் என்று அர்த்தம். குளிர்ந்ததும் நூறு பேரும் ஒன்றாக உந்தினோம். தனியாக ஏறியிருந்தால் பாதியிலேயே மூச்சு முட்டியிருக்கும்.

வெளியே வந்ததும் வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினேன். இருட்டில் கரையைவிடக் கடல்தான் வெளுப்பாகத் தெரியும், எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆனால் இங்கே வெளுப்பாக இருந்தது தெருவிளக்கு! கால் மணி நேரம் ரோட்டைப் பார்த்தே நடந்திருக்கிறேன். பக்கத்தில் வந்தவனை நண்டு இழுத்துப் போனது.

"டேய், இந்தப் பக்கம் ஒண்ணு போகுது பாரு" என்று ஒரு பையன் குனிந்தான். கூடையில் அள்ளி, ஈர மணலில் விட்டான். தண்ணீரில் விடவில்லை, நடக்கட்டும் என்றான். கோபம்தான் வந்தது.

முதல் அலை என்னைத் திருப்பி எறிந்தது. இரண்டாவது இழுத்துக்கொண்டது. இனி அலைக்கு எதிராக நீந்தினால் போதும். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சமிருக்கிறது, சில நாள் சாப்பாட்டுக் கவலை இல்லை.