டிஸ்க் கோட்டா கேட்டு எழுதிய கடிதம்: கொழும்பிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்காகப் பயிற்றிவரும் பேச்சறி மாதிரி நேற்றிரவு இடையில் நின்றுவிட்டது. திரையில் `Disk quota exceeded` என்றிருந்தது, அதாவது பல்கலைக்கழகச் சேவையகத்தில் எனக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது. கடைசியாகச் சேமித்த கோப்பு 1.14 ஜிபி இருக்க வேண்டும், 0.6 ஜிபியோடு அறுந்து கிடந்தது, திறக்கவும் முடியவில்லை. முந்தைய சேமிப்பு நல்லபடியாக இருப்பது ஆறுதல். என் வரம்பு எவ்வளவு, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்தேன்:

```
quota -s
du -sh ~/* ~/.cache
```

எனக்குள்ள மென்வரம்பு 15 ஜிபி, வன்வரம்பு 18 ஜிபி. மென்வரம்பைத் தாண்டினால் 7 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்தபின் எதையும் எழுத முடியாது. வன்வரம்பையோ ஒரு கணமும் தாண்ட இயலாது.

மார்ச் 5, புதன்

தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு, ஆய்வுகூட நிர்வாகிக்குக் கடிதம் எழுதினேன். "இடம் போதவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர் எதை வைத்து முடிவெடுப்பார்? ஆகவே கணக்கையே முன்வைத்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா,

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முதியவர்களிடம் பதிவுசெய்த 40 மணிநேரப் பேச்சு, மணிக்கு 115 எம்பி வீதம் 4.6 ஜிபி ஆகிறது. குரல்கள் பல்கலைக்கழகச் சேவையகத்தை விட்டு வெளியே போகா என்று ஒப்புதல் படிவத்தில் உறுதியளித்திருப்பதால், அவற்றை இணையச் சேமிப்பகத்தில் வைக்க இயலாது. பைதான் சூழல் 6 ஜிபி.

மாதிரியில் 9.5 கோடி எண்கள் உள்ளன. எண்ணுக்கு 4 பைட் என்றால் 380 எம்பி. பயிற்சியைத் தொடர, ஒவ்வோர் எண்ணுக்கும் ஆடம் என்ற பயிற்சி முறை வைத்திருக்கும் மேலும் இரு எண்களையும் சேமிக்க வேண்டியிருப்பதால், ஒரு சேமிப்பு 1.14 ஜிபி ஆகிறது. மூன்று பரிசோதனைகள் ஒவ்வொன்றிலும் சிறந்த ஒன்றையும் கடைசி இரண்டையும் மட்டுமே வைத்திருப்பேன், அதற்கு 10.3 ஜிபி. பழையதை அழிக்குமுன் புதியதை எழுதியாக வேண்டுமாதலால் இன்னுமொரு சேமிப்புக்கும் இடம் தேவை. மொத்தம் 22 ஜிபி.

எனவே ஜூன் 30 வரை மென்வரம்பை 24, வன்வரம்பை 26 ஜிபியாக உயர்த்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதன்பின் இடைநிலைச் சேமிப்புகளை நானே நீக்கிவிடுவேன்."

முடிவுத் திகதியை மேற்பார்வையாளர் சேர்தான் சேர்க்கச் சொன்னார். அது மிகச் சரியான யோசனை என்று நினைக்கிறேன். நிரந்தரமாகக் கேட்கும் இடத்தைவிட, திரும்பி வரும் இடத்தைக் கொடுப்பது நிர்வாகிக்கு எளிது.

மார்ச் 7, வெள்ளி

பதில் வந்தது. "தம்பி, கணக்குச் சரி. ஆனால் அந்தப் பைதான் சூழலைப் பொது அடைவில் நிறுவித் தருகிறேன், எல்லாருக்கும் பயன்படும்" என்று எழுதியிருந்தார். என் 6 ஜிபி விடுபட்டு, தேவை 16 ஆகக் குறைந்தது. மென்வரம்பு 18, வன்வரம்பு 20 ஜிபி என்று ஜூன் 30 வரை கொடுத்திருக்கிறார். தேவையை இனம்பிரித்துக் காட்டியதால்தான் குறைக்கக்கூடிய பகுதி அவர் கண்ணில் பட்டது. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனாலும் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

`quota -s` புதிய வரம்பைக் காட்டுகிறது. அறுந்த கோப்பை அழித்துவிட்டு, அதற்கு முந்தைய சேமிப்பிலிருந்து இரண்டாம் பரிசோதனையை மாலையில் தொடங்கிவிட்டேன்.