வாயை மூடின பிறகு வந்த பேச்சு

"என்னப்பா, அவ வாயை மூடின பிறகு பேச்சு வருது?" என்று டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்ட பிறகுதான் நானும் கவனித்தேன். கொட்டகலையில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஒரு சொல்லும் விளங்காது. அதற்காக ஹட்டனுக்குப் போய் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தேன். சத்தம் அருமை. உதடும் பேச்சும்தான் சேரவில்லை.

முதலில் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிப் பார்த்தேன். அதில் சரியாக இருந்தது. ஆக, சேனலில் குறை இல்லை, புளூடூத்தில்தான். அப்புறம் ஒலி அமைப்புகளுக்குள் போனேன். Audio Delay என்று ஒன்று 0-இல் நின்றது. இதுதான் மருந்து என்று 100 மில்லிசெக்கனுக்கு ஏற்றினேன். இன்னும் மோசமானது!

அந்த எண் ஒலியைப் பிந்த வைக்க மட்டுமே. எனக்கோ ஒலி ஏற்கெனவே பிந்தி வருகிறது. புளூடூத்தில் டிவி ஒலியைச் சுருக்கி அனுப்ப வேண்டும், ஸ்பீக்கர் அதைக் கொஞ்சம் சேர்த்துவைத்து விரித்துப் பாட வேண்டும். சாதாரண ஸ்பீக்கர்களில் இதற்கே 150 முதல் 250 மில்லிசெக்கன் போய்விடும். நேரலையில் இனி வரப்போகும் பேச்சை முன்கூட்டி அனுப்ப டிவியால் முடியாது. படத்தை Game Mode-க்கு மாற்றியும் பார்த்தேன். அதில் படத்தைச் சீர்செய்யும் வேலை குறைந்து படம் இன்னும் சீக்கிரம் வந்தது, இடைவெளி கூடியது. லெப்டொப்பில் VLC வழியாகப் படம் பார்த்தால் மட்டும் தப்பலாம். அங்கே J-யை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லிசெக்கன் முந்தும், K அழுத்தினால் பிந்தும். கோப்பு முழுவதும் கையில் இருப்பதால் அது முடிகிறது.

சரி, வயர்தான் வழி. எங்கள் டிவியில் ஹெட்போன் துளை இல்லை, பின்னால் ஒப்டிகல் துளை மட்டும் இருந்தது. ஒப்டிகல் ஒலியைச் சாதாரண ஒலியாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, அதிலிருந்து ஸ்பீக்கரின் AUX-க்கு வயர் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பெட்டி கெட்டது என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். நல்லவேளையாக டிவியில் Digital Output என்ற இடம் கண்ணில் பட்டது. அதை PCM என்ற சுருக்காத வடிவத்துக்கு மாற்றியதும் பாடியது. மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு வேறு வடிவம் புரியாது.

இப்போது கதை தலைகீழ். வாய் திறக்கும் முன்பே பேச்சு வந்தது. டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுக்கிறது, ஒலியோ காத்திராமல் ஒப்டிகல் வழியே ஓடிவிடுகிறது. புளூடூத்தில் பிந்தியதைவிட இது கண்ணை அதிகம் உறுத்தியது. எதிர் மலையில் ஒருவர் விறகு பிளந்தால் கோடரி விழுந்து சற்றுக் கழித்துத்தான் சத்தம் கேட்கும், அதற்கு நாம் பழகியவர்கள். சத்தம் முந்தி வருவதை இயற்கையில் எங்கேயும் பார்த்ததில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-இல் வந்த ITU-R BT.1359 பரிந்துரையிலும் இது தெரிகிறது: ஒலி சுமார் 45 மில்லிசெக்கன் முந்தினாலே ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது, பிந்தினால் 125 வரை தெரிவதில்லை.

முந்துகிறது என்றால் அந்த Audio Delay எண் உதவும். ஆனால் எவ்வளவு ஏற்றுவது? செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்து அளப்பது கஷ்டம். அம்மா தேங்காய் உடைப்பதைப் பக்கத்தில் நின்று போனில் எடுத்து, USB-யில் போட்டு டிவியில் ஓடவிட்டேன். கத்தி படும் கணமும் 'டக்' சத்தமும் தெளிவாகப் பிடிபடும். எண்ணைப் பத்துப் பத்தாக மாற்றினேன். 40-க்குக் கீழே சத்தம் முந்துவது தெரிந்தது. 200-ஐத் தாண்டியதும் பிந்துவது தெரிந்தது. நடுவில் 120 என்று வைக்கத்தான் கை போகும். ஆனால் நம் காது பிந்துவதைப் பொறுத்துக்கொள்வதால் உண்மையான இடம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்: 40-உடன் அந்த 45-ஐக் கூட்டினால் 85. நான் 80-இல் விட்டேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி பேச்சு பிந்தியது. பார்த்தால் தம்பி கேம் விளையாடிவிட்டு Game Mode-ஐ அப்படியே விட்டிருந்தான். படம் சீக்கிரம் வந்துவிட, நான் போட்ட 80 மட்டும் மிச்சம். Standard-க்குத் திருப்பியதும் சரியானது. இனி அவன் விளையாடும்போது எண்ணை 0-க்கு இறக்க வேண்டும், முடித்ததும் ஏற்ற வேண்டும்.

ஒரே ஒரு சேனலில் மட்டும் இன்னும் உதடு சேரவில்லை. அது டிவியின் சொந்த ஸ்பீக்கரிலும் அப்படித்தான், அனுப்பும்போதே அப்படி வருகிறது. அதற்காக எண்ணை மாற்றினால் மற்ற எல்லாம் கெடும் என்பதால் தொடவில்லை. அம்மாவுக்குப் பிடித்த நாடகம் அதில்தான்.