இனிஷியலும் ஒரு புள்ளியும்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் அண்ணனுக்கு பி.எஃப். கணக்குத் தொடங்க ஆதார் நகல் தேவைப்பட்டது. மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இ-ஆதார் பிடிஎஃபைக் காட்டினார். "தம்பி, என் ஆதார்தான். எனக்கே திறக்க மாட்டேங்குது. இன்னும் ரெண்டு தடவ தப்பாப் போட்டா லாக் ஆயிடுமோ?"

ஆகாது என்றேன். பிடிஎஃபின் பூட்டு அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை தவறினாலும் அது மறுபடி கேட்கும், அவ்வளவுதான். அப்படிக் கேட்டதே எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. பாதியில் அறுந்து இறங்கிய கோப்பு என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்கும் வரைக்கும் வராது, கோப்பு பழுது என்று சொல்லிவிடும். அப்போது ஓடிபி போட்டு ஆதார் தளத்திலிருந்து மறுபடி இறக்கினால் போதும். இங்கே அது உதவாது. புதிதாக இறக்கினாலும் பாஸ்வேர்டு அதேதான்.

பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிறகு பிறந்த ஆண்டு. இது அவருக்கும் தெரிந்திருந்தது. இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கலே இதுதான். ஆதார் ஆணையம் தரும் உதாரணத்திலேயே P. KUMAR, 1990 என்பவருக்கு `P.KU1990`. இனிஷியல் ஓர் எழுத்து, புள்ளி ஓர் எழுத்து, பெயரிலிருந்து இரண்டுதான் மிச்சம். SAI KUMAR என்றால் `SAIK1990`, இடைவெளி கணக்கில் இல்லை.

பர்ஸிலிருந்து அட்டையை எடுக்கச் சொன்னேன். இனிஷியல் முன்னால், புள்ளியோடு இருந்தது. அப்படியே அடித்தும் திறக்கவில்லை. பிறந்த ஆண்டு 1969 என்றார், அட்டையில் 1971. பள்ளியில் சேர்க்கும்போது மாற்றிக் கொடுத்ததாம். இரண்டு பிழை சேர்ந்திருந்ததால் ஒன்றைத் திருத்தியும் பலனில்லாமல் போயிருக்கிறது. 1971 போட்டதும் திறந்தது.

இதற்கிடையில் பக்கத்து மேஜை நண்பர், பாஸ்வேர்டை நீக்கித் தரும் இணையதளம் ஒன்றில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். நான் கண்டிப்பாக மறுத்தேன். அந்த மனிதரின் முகவரி, படம், 12 இலக்க எண் எல்லாம் முகம் தெரியாத ஒரு கணினிக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாஸ்வேர்டு தெரிந்த பிறகு பூட்டில்லாத நகல் வேண்டுமென்றால் qpdf என்ற கட்டளைவரிக் கருவியால் நம் கணினியிலேயே முடியும்:

```
qpdf --password=P.KU1990 --decrypt aadhaar.pdf nagal.pdf
```

ஆனால் அந்த நகலில் ஆதாரின் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். அதனால் மூலக் கோப்பைப் பூட்டோடு அப்படியே விட்டோம். பி.எஃப். வேலைக்கு அச்சுப் பிரதியே போதுமாக இருந்தது. அண்ணன் அந்த எட்டு எழுத்துகளையும், புள்ளியை மட்டும் அழுத்தி, தன் டைரியில் எழுதிக்கொண்டார்.