ஆடிக் கூழும் என் சாமான் நோட்டும்

எங்கள் தெரு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. தெருமுனை அம்மன் கோயிலில் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவோம். இத்தனை வருடம் சாமான் நோட்டை வைத்திருந்த பெரியவர் இந்த முறை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "நீதாம்மா ஆபீஸ்ல கணக்கு எழுதுற, நீயே பாத்துக்க" என்று நோட்டு என் கைக்கு வந்தது. கூழ் கடைசியில் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாவே வராமல் கோயில் வாசலில் நான் நின்ற நிலைமை வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அளவுக் கணக்கில் நான் தப்பு செய்யவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கேயே நின்று குடிப்பவர்கள் 250 பேர், ஆளுக்கு ஒரு டம்ளர், அதாவது 300 மில்லி என்றால் 75 லிட்டர். தூக்கு கொண்டுவந்து வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் 50 வீடு, வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் இன்னொரு 75. மொத்தம் 150 லிட்டர். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தூக்கைத்தான் மறந்துவிடுவார்கள். தலையை மட்டும் எண்ணினால் பதினொன்றரைக்கே அண்டா காலி. ஒரு கிலோ கேழ்வரகு மாவும் அரைக் கிலோ நொய்யும் சேர்ந்தால் கெட்டிக் கூழாக ஏழு லிட்டர் அளவுக்கு வரும். மோர் விட்டுக் கரைத்தால் பன்னிரண்டு, பதிமூன்று லிட்டர். அந்தக் கணக்கில் மாவு 12 கிலோ, நொய் 6 கிலோ, மோருக்குத் தயிர் 15 லிட்டர், சின்ன வெங்காயம் 8 கிலோ, கல் உப்பு ஒன்றரைக் கிலோ, கேன் தண்ணீர் பத்து. எல்லாம் சரி. நோட்டில் நான் எழுதியது இப்படி:

கே. மாவு 12 – ஆட்டோ அண்ணன் 8, வீடுகளில் 4
தயிர் 15 – மாடி வீட்டுத் தம்பி
அண்டா 2 – நான்

பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! இந்த மூன்று வரியும் மூன்று விதமாகக் காலை வாரிவிட்டன.

முதலில் மாவு. கூழ் ஊற்றுவது ஞாயிறு என்றாலும் வேலை வெள்ளிக்கிழமை ராத்திரியே தொடங்கிவிடும். வெள்ளி இரவு மாவைக் கரைத்து வைத்தால் சனி சாயங்காலத்துக்குள் லேசாகப் புளிக்கும். சனி ராத்திரி காய்ச்சி மூடி வைத்து, ஞாயிறு காலை மோரும் வெங்காயமும் போட்டுக் கரைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெள்ளி இரவு எட்டு மணிக்கு எதிர்வீட்டு ஆயா வந்து, "மாவு எங்கம்மா? கரைக்க வேணாமா?" என்று கேட்டதும்தான் உறைத்தது. ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு ராத்திரிதானே அக்கா காச்சுறது? காலைல அரைச்சு எடுத்தாந்துடறேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. யார் வாங்குவது என்று எழுதினேனே தவிர, எந்த நாள் எத்தனை மணிக்குள் என்று எழுதவில்லை. அதற்குள் மாவு மில்லும் மூடியாகிவிட்டது. சனிக்கிழமை காலை மில்லில் ஒரே கூட்டம். ஆடி மாதம், ஊரெல்லாம் கேழ்வரகு. மில்காரர் ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல், "கல்லு பொறுக்கலையே, மிஷின்ல போட மாட்டேன்" என்று திருப்பி அனுப்ப, அண்ணன் அங்கேயே ஆட்டோ சீட்டில் உட்கார்ந்து எட்டுக் கிலோவையும் புடைத்துப் பொறுக்கியிருக்கிறார். மாவு வந்தபோது மணி பதினொன்றரை. தொட்டால் சுட்டது.

ஆயா அதைச் சூட்டோடு கரைக்க விடவில்லை. துவைத்த வேட்டியை விரித்துப் பரப்பி, ஆறிய பிறகுதான் கை வைத்தார். அப்புறம் என்னைத் தெருவுக்கு விரட்டினார். "பழைய சோத்துத் தண்ணி யார் வூட்ல இருக்குன்னு கேட்டு வாங்கியா." நான்கு வீட்டில் கிடைத்த நீராகாரத்தை மாவில் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரைத்து, மூடி வெயிலில் வைத்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மூடியைத் திறந்தால் மேலே பொடிப்பொடியாக நுரை தட்டியிருந்தது, மூக்கில் மெல்லிய புளிப்பு வாடை. "வந்துடுச்சு, ஆனா பத்தாது" என்றார் ஆயா. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நடக்க வேண்டியதை எட்டு மணி நேரத்தில் நடத்தினால் அவ்வளவுதான் வரும்.

இதற்கிடையில் வீடுகளில் சேர வேண்டிய நான்கு கிலோ. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மாவு கொடுக்கிறவர்களை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வாங்கிய உடனே எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடாதீர்கள். ஆயா ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று பழைய மாவு, சிக்கு வாடை. நாக்கில் வைத்தால் கசந்தது. இன்னொன்றை முகர்ந்ததும் முகம் சுளித்து என்னிடம் நீட்டினார். கும்மென்று ஏலக்காய்! குழந்தைக்கு அரைத்து வைத்திருந்த சத்துமாவைப் பாவம், நிறத்தைப் பார்த்துக் கேழ்வரகு என்று யாரோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வேண்டுதல் மாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அதை மட்டும் வெல்லம் போட்டுத் தனியாகக் கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மொத்த மாவில் கலந்திருந்தால் 150 லிட்டரும் ஏலக்காய் மணத்திருக்கும், அப்புறம் வெங்காயத்தோடு எப்படிக் குடிப்பது?

அண்டா விஷயம் முழுக்க என் தலையில்தான். வாடகைப் பாத்திரக் கடையில் முன்பணம் கட்டி, "அண்டா 2" என்று ரசீது வாங்கி வந்தேன். சனிக்கிழமை வந்து சேர்ந்தவை இரண்டும் ஐம்பது லிட்டர். "ரசீதுல அளவு இல்லியேம்மா. பெருசு எல்லாம் நேத்தே போயிடுச்சு" என்றார் கடைக்காரர். ஆடி ஞாயிறு என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தெருவுக்கும் அண்டா வேண்டும், அது உண்மைதான். கெட்டிக் கூழே எண்பது லிட்டருக்கு மேல். ஐம்பது லிட்டர் அண்டாவை விளிம்பு வரை நிரப்பினால் துடுப்பை எங்கே போட்டுக் கிண்டுவது? முக்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது. கடைசியில் ஆயா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய பித்தளைக் குண்டானை இறக்கி, ஈயம் பூசியது போகவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூன்றாகப் பிரித்துக் காய்ச்சினோம். துடுப்பு என்று ஒரு சாமான் பட்டியலிலேயே இல்லை என்பது நொய் வெந்த பிறகுதான் தெரிந்தது. காசிமேட்டில் வேலை செய்யும் பையன் ஒருவன், "படகுத் துடுப்பு இருக்குக்கா, கொண்டாரட்டா?" என்றான். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தோம்.

காய்ச்சும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நொய் குழைய வெந்த பிறகு, கரைத்த மாவை ஒருவர் மெல்லிசாக ஊற்ற, இன்னொருவர் கையை எடுக்காமல் கிண்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், அடியும் பிடிக்கும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து மாவு கையில் ஒட்டாவிட்டால் வெந்தது என்று அர்த்தம். பதினொன்றரை மணிக்கு அடுப்பை அணைத்தோம்.

ஞாயிறு காலை ஏழு மணி. மாடி வீட்டுத் தம்பி தயிரோடு வந்தான். பையைத் திறந்தால் பதினைந்து பாக்கெட், ஒவ்வொன்றும் அரை லிட்டர். "பதினஞ்சுன்னு தானேக்கா எழுதியிருந்தீங்க?" வாங்க வேண்டியதில் சரிபாதி. புளிப்பு பற்றாத கூழ், அதற்குப் பாதி தயிர். பால் பூத், மளிகைக் கடை என்று ஐந்து இடம் ஓடினோம். பக்கத்திலேயே வேறு இரண்டு கோயிலில் அன்றைக்குக் கூழ், எங்கேயும் ஒரு பாக்கெட்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு முந்தின நாள் நீராகாரம் ஞாபகம் வந்தது. மூடி போட்ட வாளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "அக்கா, புளிச்ச தயிர் இருக்கா?" நல்ல தயிர் கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள். புளித்த தயிர் என்றதும் ஃப்ரிட்ஜைத் திறந்து கிண்ணத்தோடு கவிழ்த்தார்கள். அரை மணி நேரத்தில் ஆறு லிட்டர். பூசணம் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் ஒதுக்கினோம். மோராகக் கடைந்து கூழில் விட்டு, கல் உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்டுக் கலக்கியதும் ஆயா ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளரை நீட்டினார். எனக்கு அது போதும்.

டம்ளர் பற்றி ஒரு வரி. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பையும் சேர்த்துத்தான் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. எங்களில் ஒருவர் அதையே 300 வாங்கி வந்துவிட்டார், திருப்பிக் கொடுக்க இன்னொரு நடை. நூறு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்து, கழுவ மட்டும் இரண்டு ஆள் போட்டோம்.

அன்று சாயங்காலமே நோட்டில் அடுத்த வருடத்துக்குத் திருத்தி எழுதினேன்:

கேழ்வரகு மாவு 8 கிலோ (பொறுக்கி, அரைத்து, ஆறவைத்து) – ஆட்டோ அண்ணன் – வெள்ளி மாலை 5-க்குள், ஆயா வீட்டில்
வீட்டு மாவு 4 கிலோ, தனித்தனிப் பொட்டலமாக – வெள்ளி மதியத்துக்குள், முகர்ந்த பிறகே சேர்ப்பது
தயிர் 15 லிட்டர் (அரை லிட்டர் பாக்கெட் 30) – மாடி வீட்டுத் தம்பி – பூத்தில் புதன்கிழமையே சொல்லி வைப்பது
அண்டா 60 லிட்டர் 2, துடுப்பு 2 – நான் – ரசீதில் அளவு எழுதி வாங்குவது

ஆயா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எல்லாம் சரி. எடுத்தாந்தவன் பேரு இருக்கு. திருப்பிக் குடுக்குறவன் பேரு எங்க?"

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இரண்டு அண்டாவும் நூறு டம்ளரும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கின்றன, நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டோ அண்ணன் சாயங்காலம் வருகிறேன் என்றிருக்கிறார். எத்தனை மணிக்கு என்று இந்த முறை கேட்டு வைத்துக்கொண்டேன்.