எத்தனை மணிக்கு வலி வந்தது?

காரைக்குடியில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்த முதல் வருடம். ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் ஆத்தங்குடியிலிருந்து ஆட்டோவில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். வயது 23, திருமணம் ஆகவில்லை, டைல்ஸ் பட்டறையில் வேலை. வலது அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் உள்ளே வந்தாள். கூட வந்த அவளுடைய அத்தை, நான் கேட்பதற்கு முன்பே, "குடல்வால்தான் டாக்டரம்மா, எங்க வீட்டுல மூணு பேருக்கு எடுத்திருக்கு" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வலது அடிவயிற்றில் கை வைத்ததும் தசை இறுகியது, அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தபோது துடித்துவிட்டாள். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ இறங்கி ஏறும்போது அலறினாள் என்று அத்தை வேறு சொன்னார், வேகத்தடையில் வண்டி ஏறும்போது வலி கூடுவது குடல்வால் அழற்சிக்கு ஒரு அடையாளம் என்று படித்தது ஞாபகம் வந்தது. கேஸ் ஷீட்டில் 'அப்பெண்டிசைட்டிஸ்?' என்று எழுதிவிட்டு சர்ஜன் சாருக்கு போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு வலி வந்துச்சாம்?" நான் 'இன்று காலை முதல்' என்றுதான் எழுதியிருந்தேன். "போய்த் திரும்பக் கேளுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

கேட்டேன். "பத்தேகாலுக்கு டீ வந்துச்சு டாக்டர், குடிச்சுட்டுத் தண்ணித் தொட்டியில ஊறுன கல்ல எடுக்கக் குனிஞ்சேன், அப்பத்தான், கத்திய வச்சு குத்துனாப்புல இருந்துச்சு." அதற்கு முந்தைய நிமிடம் வரை அவளுக்கு ஒன்றுமே இல்லை.

அதே வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார், அவருக்கு உண்மையாகவே குடல்வால் அழற்சி. அவர் கதையை ஞாபகப்படுத்திப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. முதல்நாள் மதியம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், சாயங்காலம் தொப்புளைச் சுற்றிப் பிசைகிற மாதிரி ஒரு மந்தமான வலி, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ராத்திரி இட்லியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இரண்டு முறை வாந்தி. விடியும்போது வலி வலது பக்கம் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிட்டது, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவரால் ஒரு பொழுதைத்தான் சொல்ல முடிந்தது, மணியைச் சொல்ல முடியவில்லை.

காரணம் இதுதான். குடல்வால் உள்ளுக்குள் வீங்க ஆரம்பிக்கும்போது அதன் நரம்புகள் வலியைத் தொப்புள் பக்கம் மங்கலாகத்தான் காட்டும். வீக்கம் வெளிப்பக்கம் வரை பரவி வயிற்றுச் சுவரின் உள்சவ்வைத் தொட்டபிறகுதான், வழக்கமாக அரை நாள், ஒரு நாள் கழித்து, வலி அந்த இடத்துக்கு நகரும். இந்தப் பெண்ணுக்கு நான் இப்போது சந்தேகித்தது வேறு. சினைப்பையில் இருக்கும் நீர்க்கட்டி உடைந்தால் அந்தப் படிப்படியான பயணமே கிடையாது. உள்ளே இருந்த நீரும் ரத்தமும் அதே நொடியில் சவ்வின் மேல் கொட்டுகிறது, அதனால் முதல் நொடியிலேயே கூர்மையான வலி. ஆட்டோ குலுக்கியபோது இவள் அலறியதும் அதனால்தான். உறுத்துவது சீழா ரத்தமா என்று அந்தச் சவ்வுக்குத் தெரியாது, நான் வயிற்றில் கை வைத்துக் கண்டதெல்லாம் இரண்டுக்கும் பொது.

அத்தையைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாதவிடாய்த் தேதியைக் கேட்டேன். வந்து 23 நாள் ஆகியிருந்தது. இதையும் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சினைமுட்டை வெளியேறிய இடத்தில் ஒவ்வொரு மாதமும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற சின்னத் திசு உருவாகிறது, அதில் ரத்த ஓட்டம் அதிகம், சில மாதம் அது நீர் கோத்துக் கட்டியாகும். அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய பத்து நாள் வாக்கில்தான் அது உடைவது அதிகம், பளு தூக்குவது, உடலுறவு போன்றவற்றின்போது உடையலாம், சும்மா இருக்கும்போதும் உடையலாம். வலது பக்கம்தான் அதிகமாக நடக்கிறது, குடல்வாலும் அங்கேயே இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஆனால் திடீர் வலி என்றாலே கட்டி உடைந்தது என்று முடிவு கட்டவும் முடியாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தாலும், சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் இப்படித்தான் வரும், இரண்டுமே காத்திருக்காது. அதனால் கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்தப் பெண்ணிடம் தனியாகத்தான் சொன்னேன், இந்த வயதில் அடிவயிற்று வலியோடு வரும் எல்லாப் பெண்களுக்கும் செய்வதுதான் என்று. சரி என்று தலையாட்டினாள். நெகட்டிவ். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு என்று கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

காய்ச்சல் இல்லை. வெள்ளை அணுக்கள் 9,800, கூடவில்லை. போதாக்குறைக்கு, "பசிக்குது டாக்டர், எதாச்சும் சாப்பிடலாமா" என்று கேட்டாள். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் பசி முதலில் போய்விடும். ஸ்கேனில் வலது சினைப்பையில் மூன்றரை சென்டிமீட்டர் அளவில் சுருங்கிப்போன ஒரு கட்டி, கருப்பைக்குப் பின்னால் திரவம், அதில் ரத்தத்துக்கு உரிய மங்கலான புள்ளிகள். சினைப்பைக்கு ரத்த ஓட்டம் சரியாக இருந்தது, முறுக்கல் தெரியவில்லை. குடல்வால் ஸ்கேனில் தெரியவே இல்லை, பலருக்குத் தெரியாது, தெரியாததால் அது நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. வலி கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ சிடி எடுக்கலாம் என்று சர்ஜன் சார் சொன்னார்.

இனி பயம் ஒன்றுதான், ரத்தக்கசிவு நின்றதா இல்லையா. வந்தபோது நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 110/70, ஹீமோகுளோபின் 11.2. இந்த முதல் ஹீமோகுளோபினை நம்பி நிம்மதியாகக் கூடாது, ரத்தம் போன உடனே அது குறையாது, சில மணி நேரம் ஆகும். நாலரை மணிக்குத் திரும்பப் பார்த்தோம், 10.1. எனக்குத் திக்கென்றது. ஆனால் துடிப்பு 88-க்கு இறங்கியிருந்தது, தலைசுற்றல் இல்லை, படுத்தால் தோள்பட்டையில் வலி இல்லை, வயிறும் உப்பவில்லை. சலைன் ஏறியதாலும் கொஞ்சம் குறையும். ராத்திரி பத்து மணிக்கு 10, காலையில் 9.9. துடிப்பு ஏறி, அழுத்தம் இறங்கியிருந்தால் ராத்திரியே லேப்ராஸ்கோப்பி செய்ய வேண்டியிருக்கும், தியேட்டரைத் தயாராகத்தான் வைத்திருந்தோம். வேண்டியிருக்கவில்லை. பாரசிட்டமாலும் ஓய்வும் போதுமாக இருந்தது, விடிந்தபோது எழுந்து நடந்தாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னோம்.

வந்தார்கள். கட்டி இல்லை, சினைப்பை இரண்டும் நன்றாக இருந்தன. அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. "நீர்க்கட்டின்னாலே புள்ள நிக்காதுன்னு சொல்றாகளே டாக்டரம்மா?" அவர் சொன்னது பிசிஓடியை, நம்மூரில் அதையும் நீர்க்கட்டி என்றுதான் சொல்கிறோம். அது சினைப்பை முழுக்க வளராமல் நிற்கும் குட்டிக் குட்டி முட்டைப்பைகள், மாதவிடாய் தள்ளிப்போவதுதான் அங்கே சிக்கல். உங்கள் பெண்ணுக்கு வந்தது முட்டை ஒழுங்காக வெளியேறியதால் வந்த கட்டி என்று படம் போட்டுச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, பொண்ணு பாக்க வர்றவுக கேட்டா காட்டணும்ல" என்றார். எழுதினேன். கேஸ் ஷீட்டில் இருந்த பத்தேகால் மணியையும் சேர்த்து எழுதி, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன், யாருக்குக் காட்டுவது என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று.