ஒரே அட்டைதான், ஆனால் பேருந்துக்கு இரண்டு

போன மாதம் வரை சிங்கப்பூரில் பேருந்திலும் சரி, தேக்கா கடைகளிலும் சரி, பர்ஸில் இருக்கும் வங்கி அட்டையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐஃபோனில் Wallet செயலியைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்தி, டெபிட் அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். எண் தானாகவே விழுந்தது. பின்பக்கத்து மூன்று இலக்கத்தை நான் அடித்தேன். பிறகு வங்கியின் செயலிக்குள் போய், இதை இணைப்பது நான்தான் என்று ஒப்புதல் தரவேண்டியிருந்தது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நீங்கள் எதையும் இணைக்காத நேரத்தில் இப்படி ஒப்புதலோ ஓடிபியோ கேட்டு வந்தால், வேறு யாரோ உங்கள் அட்டையைத் தங்கள் கைபேசியில் ஏற்றப் பார்க்கிறார்கள். மறுத்துவிட்டு உடனே வங்கியை அழையுங்கள்.

அடுத்து கிரெடிட் அட்டையையும் சேர்த்தேன். முதலில் சேர்த்த அட்டையே, தட்டும்போது தானாக முன்வரும் இயல்பு அட்டையாகிவிடும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் வேலை முடிந்து பேருந்தில் ஏறியபோது கைபேசியைத் தட்டினேன். இறங்கும்போது இரண்டு கையிலும் பை, கைபேசி அடியில் கிடந்தது. எட்டிய பர்ஸிலிருந்து அதே டெபிட் அட்டையை எடுத்துத் தட்டிவிட்டு இறங்கினேன். ஒரே கணக்குதானே என்று நினைத்தேன். சில நாள் கழித்து வங்கிக் கணக்கில் BUS/MRT என்று இரண்டு தொகைகள், இரண்டுமே வழக்கத்தைவிட அதிகம்.

காரணம் இதுதான். அட்டையை இணைக்கும்போது, அதன் எண்ணுக்குப் பதிலாகக் கைபேசிக்கென்று தனியாக ஓர் எண் உருவாகிறது. தட்டும்போது கருவிக்குப் போவது அந்த எண்தான். ஆகவே கைபேசியைத் தட்டி ஏறிய நான் இறங்கவே இல்லை என்று பதிவாகி, பேருந்தின் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் விழுந்தது. பர்ஸில் இருந்த அட்டையோ, நான் இறங்கிய இடத்தில் புதிதாக ஏறியதாகப் பதிவாகி, அதற்கும் அங்கிருந்து கடைசி வரைக்கும் கட்டணம்.

பயணத்துக்கு நடுவே இயல்பு அட்டையை மாற்றினாலும் இதே கதைதான். பேருந்திலிருந்து எம்ஆர்டிக்கு மாறும்போது கிடைக்கும் தொடர்பயணக் கணக்கும் அறுந்துபோகும்.

அன்று இரவே Settings, Wallet & Apple Pay, Default Card என்று போய் கிரெடிட் அட்டையை இயல்பாக்கினேன். சம்பளக் கணக்கோடு இணைந்த டெபிட் அட்டை, நான் தேர்ந்தெடுத்தால் மட்டுமே வெளியே வரட்டும் என்பது என் எண்ணம். கடையில் அது வேண்டுமென்றால் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தி, கீழே தெரியும் அட்டைகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பேருந்தில் அந்தப் பக்கமே போவதில்லை. இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே கைபேசியைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறேன்.