ஒன்பது பார்சல், ஒரு கோணி

ஜனவரி 31, சனி

காலையிலேயே தைப்பூச ரத ஊர்வலக் கூட்டம் எங்கள் கடை இருக்கும் லெபு பினாங் தெருவை அடைத்துவிட்டது. கூரியர் வேன் கடைவரை வர முடியாமல் இரண்டு தெரு தள்ளி நிற்க, தம்பி பார்சல்களைக் கோணியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். மொத்தம் ஒன்பது. பித்தளை விளக்கு, மணி, குங்குமச்சிமிழ். எல்லாம் ஆன்லைனில் வியாழக்கிழமை வந்த ஆர்டர், அனுப்ப இன்று இரவு 12 மணிதான் கெடு. டிரைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “அக்காகிட்ட சொல்லிடு, ஹப்ல போய் ஸ்கேன் பண்ணிக்கிறோம்” என்றாராம். கூட்டத்தில் அவரை என்ன சொல்ல முடியும். தம்பி மட்டும் கோணியைப் பிரித்து ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறான், மணி 11.12.

பிப்ரவரி 3, செவ்வாய்

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வந்த களைப்போடு இன்று விற்பனையாளர் பக்கத்தைத் திறந்தால் தாமத விகிதம் சிவப்பில் நிற்கிறது. 14.5%. நாங்கள் விற்கும் தளத்தில் 10% தாண்டினால் ஒரு அபராதப் புள்ளி. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மூன்று சேர்ந்தால் தேடலில் பொருள்கள் பின்னால் தள்ளப்படும், சலுகை விற்பனையிலும் சேர்க்கமாட்டார்கள். ஏழு நாளில் போன 62 பார்சலில் அந்த ஒன்பதும் தாமதம் என்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன், எல்லாவற்றிலும் முதல் ஸ்கேன் பிப்ரவரி 2 மாலை 6.40. சனிக்கிழமை எங்கள் கையைவிட்டுப் போன பொருள், திங்கள் மாலைவரை எங்கோ கோணியிலேயே கிடந்திருக்கிறது. ஏர்வே பில் அச்சடித்து ஒட்டிய நேரமோ வேனில் ஏற்றிய நேரமோ கணக்கில்லை. கூரியர் முதன்முதலில் ஸ்கேன் செய்த நேரம்தான் அனுப்பிய நேரம். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

பக்கத்துக் கடை அண்ணன், “ஒரு வாரம் விடுமுறை போட்டு மூடிடும்மா, புது ஆர்டர் வந்தாத்தானே பிரச்சனை” என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் வயிறு கலங்கிவிட்டது. புள்ளி போடுவது திங்கள்கிழமை, அதற்கு முந்தைய ஏழு நாளை வைத்து. அதாவது வரும் 9-ஆம் தேதி 2 முதல் 8 வரை பார்ப்பார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் நேரத்தோடு அனுப்பிய நல்ல பார்சலெல்லாம் அதற்குள் வெளியே போய்விடும், ஸ்கேன் தேதி 2 என்பதால் இந்த ஒன்பது மட்டும் உள்ளேயே நிற்கும். விழா முடிந்த வாரத்தில் எங்களுக்கு ஒரு 45 பார்சல் போகும். ஒன்பதை 45-ஆல் வகுத்தால் 20%. கடையை மூடினால் கீழே உள்ள எண் இன்னும் சுருங்கி விகிதம் ஏறும். 10%-க்குக் கீழே வர 90-க்கு மேல் பார்சல் போகவேண்டும், அது நடக்காது. ஆகவே கடை திறந்தே இருக்கும், மிச்சமிருக்கும் ஒரே வழி முறையீடு.

பிப்ரவரி 5, வியாழன்

முறையீட்டில் புலம்பல் எதுவும் எழுதவில்லை. ஆர்டர் எண், கெடு, ஒப்படைத்த நேரம், முதல் ஸ்கேன் நேரம், இவ்வளவுதான். தம்பி எடுத்த படம், டிரைவருக்கு அதை அப்போதே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சனிக்கிழமை வேன் வந்து எடுத்ததாகக் கூரியர் கிளையில் கெஞ்சி வாங்கிய பதில், எல்லாம் சேர்த்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. மேலே இருக்கும் ஆறு பார்சலில் டிராக்கிங் எண் கடைசி இலக்கம்வரை தெரிகிறது. அடியில் மூன்று கவிழ்ந்து கிடக்கின்றன, பழுப்பு அட்டை மட்டும்தான் தெரிகிறது.

பிப்ரவரி 7, சனி

பதில் வந்தது. ஆறு பார்சலைத் தாமதக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்று அப்படியே நிற்கிறது, காரணம் “பார்சல் அடையாளம் தெரியவில்லை”. கோபப்பட முடியவில்லை, அந்தப் படத்தை வைத்து நானே தீர்ப்பு சொன்னாலும் அதுதான்.

பிப்ரவரி 9, திங்கள்

வாரத்தில் 47 போயிருக்கிறது, தாமதம் மூன்று. 6.4%. புது அபராதப் புள்ளி இல்லை. செய்தியைப் படித்ததும் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்குப் போன எட்டுப் பார்சலையும் மேசையில் ஏர்வே பில் மேலே தெரிகிற மாதிரி வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்தோம். கெடு அன்றைக்கே முடிகிற இரண்டை மட்டும் வேனுக்குக் காத்திராமல் தம்பி மோட்டாரில் கூரியர் கவுண்டருக்கே கொண்டுபோனான், கண்ணெதிரில் ஸ்கேன் ஆகி, ரசீது கைக்கு வந்து, போனில் நிலை மாறியதையும் பார்த்த பிறகுதான் திரும்பினான்.